ஜன்னல் திண்ணையில் காலை வெயில்: தரை வெளுத்துப்போகாமல் படம் எடுப்பது எப்படி

ஜன்னலை ஒட்டி ஒரு திண்ணை, அதன்மேல் மெத்தையும் தலையணைகளும், பக்கத்தில் புத்தக அலமாரி, முன்னால் தரையில் தேங்கி நிற்கிற காலை வெயில். நேரில் பார்க்க இவ்வளவு அழகான மூலை படத்தில் வரும்போது பெரும்பாலும் கெட்டுப்போகிறது. வெயில் விழுந்த தரை வெறும் வெள்ளைத் திட்டாக மாறிவிடும். வெயிலைச் சரியாக எடுத்தால் அலமாரி கருப்பாகிவிடும். இரண்டையும் மென்பொருளில் இழுத்துச் சரிசெய்தால் வெயில் சாம்பல் நிறமாகிவிடும். அது வெயிலாகவே தெரியாது.

இந்த வேலையில் முக்கால் பங்கு கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே அறைக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. வெயில் எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது, நிழலுக்குள் எவ்வளவு வெளிச்சம் போக வேண்டும் என்ற மூன்றையும் முதலில் முடிவுசெய்துவிட்டால், படம் எடுப்பதும் திருத்துவதும் எளிது. கோயம்புத்தூரில் ஒரு பழைய வீட்டின் கிழக்குப் பார்த்த அறையை எடுத்துக்கொண்டு, அளவுகளோடு சொல்கிறேன். உங்கள் வீட்டு அளவுகளைப் போட்டு அதே கணக்கை நீங்களும் செய்யலாம்.

அறையின் அளவுகள்

ஜன்னல் 6 அடி அகலம். லிண்டல் தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருக்கிறது. வெளியே சன்ஷேட் 2 அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. திண்ணை மெத்தையோடு சேர்த்து ஒன்றரை அடி உயரம், கண்ணாடியிலிருந்து அளந்தால் 2 அடி ஆழம். ஜன்னல் திண்ணை மட்டத்திலேயே தொடங்குகிறது. திண்ணையின் தெற்கு முனையில் தரையிலிருந்து லிண்டல் வரை மர அலமாரி. தரை சிவப்பு ரெட் ஆக்சைடு, மெழுகு போட்டுத் தேய்த்தது.

இதில் தரை ரொம்ப முக்கியம். ரெட் ஆக்சைடு தன்மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் அதைப்போல நாலு மடங்கு வரை திருப்பி அனுப்பும். ஒரே வெயில்தான் விழுகிறது, ஆனால் டைல்ஸ் தரை 2 ஸ்டாப் அதிக வெளிச்சமாக இருக்கும். (வெளிச்சம் இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப்.) உங்கள் வீட்டில் வெள்ளை டைல்ஸ் என்றால், வெயில் விழுகிற இடத்தில் ஒரு பவானி ஜமக்காளம் விரித்துவிடுங்கள். பருத்தி நெசவு பளபளக்காது, அடர்ந்த நிறக் கோடுகள் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் வேலை: வெயில் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று கணக்கிடுவது

ஏதோ ஒரு காலை நேரத்தில் போய் நின்றுகொண்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மொட்டைமாடியிலோ வாசலிலோ ஒரு 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல், ஜன்னல் சுவருக்கு நேர்க்குறுக்காக எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். நிழல் சாய்வாக விழுந்தால் அதன் முழு நீளம் வேண்டாம். சுவரிலிருந்து விலகிப் போகிற தூரம் மட்டும் போதும். அதை ஸ்கேலின் நீளத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதை ‘க’ என்று வைத்துக்கொள்வோம்.

```
வெயிலின் தூர விளிம்பு = (லிண்டல் உயரம் × க) − சன்ஷேட் நீளம்
வெயிலின் கிட்ட விளிம்பு = திண்ணை ஆழம் + (திண்ணை உயரம் × க)
```

இரண்டு தூரமும் ஜன்னல் கண்ணாடியிலிருந்து அளக்கப்படுபவை. தூர விளிம்பைத் தீர்மானிப்பது சன்ஷேட்டின் நுனி. கிட்ட விளிம்பைத் தீர்மானிப்பது திண்ணையின் முன் ஓரம். இவை இரண்டுக்கும் நடுவே நுழைகிற கதிர்கள்தான் தரையைத் தொடும்.

நம் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியன் ஜன்னலுக்கு நேராக, 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 30 செ.மீ. ஸ்கேலின் நிழல் 52 செ.மீ. இருக்கும், க என்பது 1.73. தூர விளிம்பு 10 அடிக்குக் கொஞ்சம் மேலே, கிட்ட விளிம்பு 4.6 அடி. ஆக, தரையில் ஐந்தரை அடி நீளத்துக்கு வெயில் விழும். இதுதான் நமக்கு வேண்டியது.

சூரியன் 45 டிகிரிக்கு ஏறிவிட்டால் நிழலும் 30 செ.மீ., க என்பது 1. இப்போது தூர விளிம்பு 5 அடி, கிட்ட விளிம்பு மூன்றரை அடி. ஐந்தரை அடி வெயில் ஒன்றரை அடிப் பட்டையாகச் சுருங்கிவிட்டது. 60 டிகிரியில் தூர விளிம்பு 2 அடி, கிட்ட விளிம்பு 2.9 அடி என்று வரும். தூரம் கிட்டத்தைவிடக் குறைவாக வந்தால் தரைக்கு வெயிலே வராது என்று அர்த்தம். மெத்தையிலும் ஜன்னலிலிருந்து ஓரடிக்குச் சற்று மேல் வரைதான் வெயில் இருக்கும். மறுபக்கம், 20 டிகிரி உயரத்தில் வெயில் 6 அடியில் தொடங்கி 17 அடி வரை ஓடும். அறை அவ்வளவு நீளம் இல்லாததால் எதிர்ச் சுவரில் ஏறிவிடும். திண்ணைக்கும் வெயிலுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தெரியும்.

நம்மூர் வீடுகளில் சன்ஷேட் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் புரியும். சன்ஷேட் இல்லாத ஜன்னல்களை வைத்து எடுத்த வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, பத்தரை மணிக்கு அதே வெயிலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

கோவையில் மார்ச் கடைசியில் சூரியன் ஏறக்குறைய நேர்க்கிழக்கிலிருந்து வருகிறது; 30 டிகிரிக்கு வரும்போது மணி எட்டரை. டிசம்பரில் அதே உயரம் வர 9 மணி ஆகிவிடும், சூரியனும் தென்கிழக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். அப்போது க குறைந்து, வெயில் நீளம் 4 அடிக்குக் கொஞ்சம் குறைவாகிவிடும். முழுத் திட்டும் வடக்கே சரிந்து விழும். நான் மார்ச் வெளிச்சத்தையே விரும்புவேன். ஆனால் அலமாரி வடக்கு முனையில் இருந்தால் டிசம்பர் சரிவு அதை நோக்கிப் போவதால் இன்னும் நன்றாக அமையும். சூரியன் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போக நாற்பது நிமிடம் எடுக்கும். அதுதான் உங்கள் வேலை நேரம்.

இரண்டாவது: மெத்தைமேல் வெயில் விழாமல் பார்த்துக்கொள்வது

தரையை விட்டுவிட்டு மெத்தையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. படத்தில் முதலில் வெளுத்துப்போவது பெரும்பாலும் தரை கிடையாது. வெயில்பட்ட வெள்ளை மெத்தைதான். வெள்ளைத் துணி ரெட் ஆக்சைடைவிட இரண்டரை ஸ்டாப் வரை அதிகமாக மின்னும். தரைக்குச் சரியான எக்ஸ்போஷரில் அந்தத் துணியின் நெசவு முழுக்கப் போய்விடும். துணிக்காகக் குறைத்தால் தரை இருண்டுவிடும்.

இதற்கு ஜன்னலிலேயே ஒரு வழி இருக்கிறது. 30 டிகிரி வெயிலில், திண்ணையின் முன் ஓரத்தை உரசிக்கொண்டு போகிற கதிர், ஜன்னலில் திண்ணைக்கு மேலே சுமார் 14 அங்குல உயரத்தில் நுழைகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே நுழைகிற வெயிலெல்லாம் மெத்தைமேல் விழுகிறது. மேலே நுழைவதெல்லாம் தரைக்குப் போகிறது. அப்படியானால் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் மட்டும், 14 அங்குல உயரத்துக்கு ஒரு மெல்லிய பருத்தித் திரை போட்டால் போதும். மெத்தைக்குப் பரவலான மென்வெளிச்சம் கிடைக்கும். தரையில் விழும் வெயிலுக்கு ஒரு சேதமும் இல்லை. பார்ப்பவருக்கும் அது அரைத்திரை போட்ட ஜன்னலாகத்தான் தெரியும்.

உயரத்தை நீங்களே சரிபார்க்கலாம். ஒருவர் திரைத்துணியை ஜன்னலில் பிடித்துக்கொண்டு மெதுவாக உயர்த்தட்டும். மெத்தையின் முன் ஓரத்தில் கடைசி வெயில் கீற்று மறைகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் உயர்த்தினால் தரை வெயிலின் கிட்ட விளிம்பு மங்கத் தொடங்கும். அப்படி ஆனால் ஓர் அங்குலம் இறக்கிவிடுங்கள். முழு ஜன்னலுக்கும் திரை போட்டுவிடாதீர்கள். முழுத் திரை வெயிலின் விளிம்பையே அழித்துவிடும், தரையில் தேங்கி நிற்கிற உணர்வு போய்விடும்.

தலையணை உறைக்குப் பளீர் வெள்ளையைவிடப் பழுப்பு கலந்த காடாத் துணியோ கைத்தறியோ நல்லது. சாட்டின், பாலியஸ்டர் உறைகள் சிறு மடிப்பில்கூட மினுக்குப் புள்ளிகளைக் காட்டும். மெத்தைக்கு இலவம்பஞ்சு என்றால் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம் தெரியும். அது அழகுதான், தட்டிச் சமப்படுத்த வேண்டாம். மஞ்சள் உறை மட்டும் கவனம். அதில் சிவப்பு, பச்சை ஆகிய இரண்டு நிறங்களும் சீக்கிரம் உச்சத்தைத் தொட்டுவிடும். துணி தட்டையான மஞ்சள் காகிதம்போல் ஆகிவிடும்.

மூன்றாவது: கேமரா நிற்கும் இடம்

அலமாரி தெற்கு முனையில் இருப்பதால் வடக்குச் சுவரோரம் நின்று தென்கிழக்கைப் பார்த்து எடுக்கிறோம். ஜன்னலுக்கு ஏறக்குறைய 45 டிகிரிக் கோணம். இதில் இரண்டு லாபம். ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றால், மெழுகிட்ட தரையில் சூரியனின் பிரதிபலிப்பே லென்ஸுக்குள் வரும். அதை எந்த எக்ஸ்போஷரும் காப்பாற்றாது. பக்கவாட்டில் நின்றால் அந்தப் பிரதிபலிப்பு எதிர்ச்சுவருக்குப் போய்விடும். அடுத்தது, ஜன்னல் கண்ணாடி படத்தில் சிறிய பங்கைத்தான் பிடிக்கும்.

அந்தச் சிறிய பங்கில் தெரியும் கிழக்கு வானம் கொஞ்சம் வெளுத்துப்போனால் நான் கவலைப்பட மாட்டேன். காலைக் கிழக்கு வானத்தில் யாரும் விவரம் தேட மாட்டார்கள். தரையில் தேடுவார்கள். வெளியே வேப்பமரமோ எதிர்வீட்டுச் சுவரோ ஜன்னலை மறைக்கும்படி கேமராவை அரை அடி நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், அது போதும்.

கேமரா மூன்றடி உயரத்தில், ட்ரைபாடில், மட்டமாக இருக்கட்டும். உட்கார்ந்து பார்க்கிற உயரம் அது. அலமாரியின் நெடுக்குக் கோடுகளும் சாயாது. முழு ஃபிரேம் கேமராவில் 28 முதல் 35 மி.மீ. வரை லென்ஸ் பொருத்தம். அதைவிட அகலமாகப் போனால் தரை நீண்டு திண்ணை சிறுத்துவிடும்.

தரையில் வெயிலுக்கு வெளியேயும் ஒரு பால்வெள்ளைப் பளபளப்பு தெரிந்தால், அது ஜன்னல் வானத்தின் பிரதிபலிப்பு. போலரைசர் ஃபில்டரை மெதுவாகத் திருப்பினால் ஒரு நிலையில் அது அடங்கி, சிவப்பு ஆழமாக வரும். தரையை 35 டிகிரி அளவுக்குச் சரிவாகப் பார்க்கும் இடத்தில்தான் இது முழுமையாக வேலை செய்யும். முழுவதும் அடக்கிவிட வேண்டாம். மெழுகுத் தரை கொஞ்சமாவது பளபளக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்டுபோல் ஆகிவிடும். ஃபில்டர் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தைத் தின்னும் என்பதால், அதைப் போட்ட பிறகே எக்ஸ்போஷரை அளக்க வேண்டும். கீழே நான் சொல்லும் அளவுகள் ஃபில்டர் இல்லாமல் எடுத்தவை.

நான்காவது: நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது

கேமராவில், ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரிங் வைத்து இரண்டு இடங்களை அளந்து பாருங்கள். ஐஎஸ்ஓ 100, f/8 என்று வைத்துக்கொண்டால், இந்த அறையில் வெயில்பட்ட தரை 1/200 நொடி கேட்கும். அலமாரியின் நடுத்தட்டு ஏறக்குறைய ஒரு நொடி கேட்கும். இடைவெளி ஏழரை ஸ்டாப். வெயில் திட்டு அழகாக வரும் எக்ஸ்போஷரில் புத்தகங்கள் இருட்டுக்குள் புதைந்திருக்கும். கேமரா பதிவுசெய்யும் மூலத் தரவான ரா ஃபைலில் மேலே தூக்கலாம், ஆனால் புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் நிறம் செத்த புத்தக முதுகுகளும்தான் கிடைக்கும்.

சீலிங் விளக்கைப் போடாதீர்கள். அந்த வெளிச்சம் இந்த இடைவெளிக்கு ஒன்றுமே இல்லை, நிறத்தை மட்டும் குழப்பும். அறைக்குள்ளேயே தேவைக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. அது தரையில் கிடக்கிறது. வெயில் திட்டு ஜன்னலைப்போலவே 6 அடி அகலம். நாம் வடக்கிலிருந்து எடுப்பதால், திட்டின் வடக்குப் பக்கம் 2 அடி கேமராவின் காலடியில், படத்துக்கு வெளியே இருக்கிறது. அந்த 2 அடியின்மேல் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை மடித்து விரியுங்கள். வெயில்பட்ட வெள்ளைத் துணி பெரிய விளக்காகிவிடும். அங்கிருந்து எழும் வெளிச்சம் நேராக அலமாரிக்குப் போகும்.

இப்போது மறுபடி அளந்தால் அலமாரி 1/5 நொடி கேட்கும். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் ஏறிவிட்டது, இடைவெளி ஐந்து ஸ்டாப் சொச்சம்தான். ஒரே ரா ஃபைலுக்குள் வசதியாக அடங்கும்.

விரிப்பு இன்னொரு உதவியும் செய்கிறது. வெயில்பட்ட ரெட் ஆக்சைடு தன் சிவப்பைச் சுற்றிலும் தெளிக்கும். சுண்ணாம்புச் சுவரும் மெத்தையின் அடிப்பக்கமும் இளஞ்சிவப்பாகத் தெரியும். வெள்ளை வெளிச்சம் சேரும்போது அது மட்டுப்படும். கொஞ்சம் சிவப்புச் சாயல் இருக்கட்டும், அது அந்தத் தரையின் குணம்.

விரிப்பு அதிகமாகிவிட்டதா என்று பார்க்க அலமாரித் தட்டுகளின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட வெளிச்சமாகத் தெரிந்தால் அறை கீழிருந்து விளக்கடித்த மாதிரி இருக்கும். விரிப்பைப் பாதியாக மடித்துவிடுங்கள். படுக்கைவிரிப்புக்குப் பதில் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் வெளிச்சத்தைத் திருப்ப இன்னும் கட்டுப்பாடு கிடைக்கும். ஆனால் அதன் நிழல் படத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது: எக்ஸ்போஷர்

ஸ்பாட் மீட்டர் 1/200 என்று சொன்னால், அந்த வேகத்தில் வெயில் திட்டு நடுத்தரச் சாம்பல் அளவுக்குத்தான் வரும். வெயில் வெயிலாகத் தெரிய அதைவிட மேலே இருக்க வேண்டும். வெள்ளை அல்லது சாம்பல் தரை என்றால் மீட்டர் சொன்னதைவிட 2 ஸ்டாப் வரை கூட்டலாம். சிவப்புத் தரைக்கு நான் ஒன்றேகால் ஸ்டாப் அளவோடு நிறுத்திக்கொள்வேன். அதாவது 1/80 நொடி.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சிவப்பு நிறம். காலை வெயிலும் மஞ்சள் கலந்தது, தரையும் சிவப்பு. மொத்த வெளிச்சம் இன்னும் அளவுக்குள் இருக்கும்போதே சிவப்பு மட்டும் தனியாக உச்சத்தைத் தொட்டுவிடும். அப்படி ஆனால் தரை வெள்ளையாக மாறாது. ஆரஞ்சுப் பெயிண்ட் அடித்ததுபோல் தட்டையாகிவிடும். தேய்த்த தடம், சின்ன விரிசல், மெழுகுப் பளபளப்பு எல்லாம் மறைந்துவிடும். படத்தின் வெளிச்ச அளவுகளை மலைபோல் வரைந்து காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம்; வெள்ளைக் கோடாகக் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராமில் இது தெரியவே தெரியாது. கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். சிவப்பு மலை வலது சுவரில் முட்டி நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். முட்டினால் 1/100, 1/125 என்று இறங்குங்கள்.

அந்த ஹிஸ்டோகிராம் கேமரா உருவாக்கும் JPEG படத்திலிருந்து வருகிறது, ரா ஃபைலிலிருந்து அல்ல. அதனால் படத்தின் ஸ்டைலை Neutral அல்லது அதுபோன்ற குறைந்த அழுத்தம் உள்ளதாக வைத்தால்தான் உண்மைக்கு நெருக்கமாகக் காட்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5200 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள். வெயில் லேசான பொன்னிறமாகவும் நிழல் லேசான நீலமாகவும் வரும். இந்த நிற வேறுபாடுதான் கண்ணுக்கு ‘இது வெயில்’ என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே நிறமாக்கிவிட்டால் அது வெறும் வெளிச்சத் திட்டு.

ஃபேனை நிறுத்திவிட்டு, டைமரை வைத்து எடுங்கள். விரிப்பு போட இடமே இல்லாத அறை என்றால், கேமராவை அசைக்காமல் இரண்டு படம் எடுக்கலாம்: வெயிலுக்கு 1/80, நிழலுக்கு 1/10. பிறகு Lightroom போன்ற மென்பொருளில் இரண்டையும் இணைக்கலாம். ஆனால் திரை காற்றில் அசைந்தால் இரட்டையாகத் தெரியும். இதை நான் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வேன். அறையிலேயே வெளிச்சத்தைச் சமப்படுத்தி எடுத்த ஒரே படத்தில் நிழல்கள் நம்பும்படி இருக்கும்.

போனில் எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன முதல் நான்கு வேலைகளும் அப்படியே பொருந்தும். எடுக்கும்போது வெயில் திட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் இழுத்து, தரையின் தடங்கள் தெரியும் வரை சரிசெய்யலாம். போனின் தானியங்கி HDR நிழலைத் தூக்கி வெயிலை அமுக்கிவிடும். Pro மோடும் RAW வசதியும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஆறாவது: திருத்தம்

Lightroom Classic வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் இதே வரிசைதான். Develop பகுதியில் J விசையை அழுத்தினால் வெளுத்துப்போன இடங்கள் சிவப்பாகவும், முழுக் கருப்பான இடங்கள் நீலமாகவும் தெரியும். வெயில் திட்டில் அந்தச் சிவப்பு எங்கும் இருக்கக் கூடாது. ஜன்னல் வானத்தில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை.

முதலில் Shadows ஸ்லைடரை 40 வரை ஏற்றி அலமாரியைப் பாருங்கள். புத்தக முதுகுகளின் நிறம் பிரிந்து தெரிந்தால் போதும், தலைப்புகள் எல்லாம் படிக்க முடிய வேண்டியதில்லை. அலமாரியின் உள்மூலை இருட்டாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆழம் போய்விடும். அப்புறம் Exposure அரை ஸ்டாப் ஏற்றி, அதனால் திட்டு மேலே போவதை Highlights −30 கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக Whites ஸ்லைடரை Alt விசையோடு இழுத்தால், எந்த நிறம் எங்கே முட்டுகிறது என்று கருப்புத் திரையில் காட்டும். முதல் சிவப்புப் புள்ளி தரையில் தோன்றியதும் கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துங்கள்.

திட்டின்மேல் சுட்டியை வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே R, G, B சதவீதம் தெரியும். சிவப்புத் தரையின் வெயிலில் R 90-லிருந்து 95-க்குள் இருப்பது எனக்குப் பிடித்த அளவு. 98-ஐத் தாண்டினால் தடங்கள் மறையும்.

இந்தக் கட்டத்தில்தான் பலரும் Highlights ஸ்லைடரை −100 வரை இழுத்துவிடுகிறார்கள். தரையின் ஒவ்வொரு கீறலும் தெரியும், ஆனால் வெயில் அணைந்துவிடும். வெளுத்துப்போன திட்டைவிட இதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது, ஏனென்றால் அறையில் இருந்த காலைப்பொழுதே படத்தில் இல்லாமல் போகிறது. சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண்ணுக்குப் படுவது வெயில் திட்டாக இருந்தால் சரி. அது தரையில் விரித்த வெளிர்நிறப் பாய்போல் தெரிந்தால் அதிகமாக அமுக்கிவிட்டீர்கள். அப்போது Highlights ஸ்லைடரை ஏற்றுவதோடு, Shadows ஸ்லைடரையும் கொஞ்சம் இறக்குங்கள். சுற்றியுள்ள தரை நிழலில் அடங்கினால் வெயில் தானாக மேலே வரும்.

கடைசியாக ஏற்றுமதி. ரா ஃபைலில் வேலை செய்யும்போது மென்பொருள் பெரிய நிறப் பரப்பில் இயங்குகிறது. இணையத்துக்கான sRGB அதைவிடச் சிறியது. ரெட் ஆக்சைடின் அடர் சிவப்பு அந்த மாற்றத்தில் மறுபடியும் முட்டலாம். ஏற்றுமதிக்கு முன் Soft Proofing பெட்டியை டிக் செய்து, sRGB சுயவிவரத்தைத் தேர்ந்தெடுத்து, தரையை நூறு சதவீதத்தில் பாருங்கள். தடங்கள் மங்கியிருந்தால் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களின் Saturation மட்டும் 5 முதல் 10 வரை குறையுங்கள். எக்ஸ்போஷரைத் தொட வேண்டாம். பிறகு JPEG தரம் 85-க்குக் குறையாமல் எடுத்து, ஒரு சாதாரணப் போன் திரையில் திறந்து, வெயிலின் கிட்ட விளிம்பையும் மெத்தையின் முன் ஓரத்தையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.